மஞ்சள் கட்டம் சொல்வதும் சொல்லாததும்: ஓர் ஊரின் மாதாந்திர மழைப் பதிவு அட்டவணையைப் படிப்பது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று செட்டிநாட்டில் எந்த ஊரில் கேட்டாலும், "இங்கே அதிகம் மழை பெய்யும் மாதம் எது?" என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் தயங்காமல் "ஐப்பசி" என்பார்கள். அதே கேள்வியை ஒரு மழைப் பதிவு அட்டவணையிடம் கேட்டால், சில நேரம் அக்டோபர் என்றும், சில நேரம் நவம்பர் என்றும், எப்போதாவது செப்டம்பர் என்றும் பதில் வரும். அட்டவணையில் மிக ஈரமான மாதத்தை மஞ்சள் நிறமிட்டுக் காட்டுவது வழக்கம். அந்த ஒரு மஞ்சள் கட்டம் எப்படி உருவாகிறது, எந்த அளவுக்கு அதை நம்பலாம் என்பதை, மழைக் கணக்கை முதன்முறையாகப் பார்ப்பவருக்கும் புரியும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு கட்டத்தில் இருக்கும் எண் எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம். மழை மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது. "50 மி.மீ. மழை" என்றால், விழுந்த நீர் ஓடாமலும் உறிஞ்சப்படாமலும் ஆவியாகாமலும் தரையில் அப்படியே நின்றிருந்தால் 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு நின்றிருக்கும் என்று பொருள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது சரியாக ஒரு லிட்டர். ஆகவே 200 சதுர மீட்டர் ஓட்டுக்கூரை உள்ள ஒரு வீட்டின் மேல் 50 மி.மீ. மழை பெய்தால், கூரையில் விழுவது 10,000 லிட்டர். பெரியவர்கள் சிலர் இன்னும் அங்குலத்தில் பேசுவார்கள்; ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அவர்கள் கணக்கையும் இந்தக் கணக்கையும் எளிதில் இணைத்துவிடலாம்.

எண் உயரத்தைக் குறிப்பதால், அளக்கும் பாத்திரத்தின் வாயில் வானத்திலிருந்து நேராக விழுந்த நீர் மட்டுமே சேர வேண்டும். செட்டிநாட்டு வீட்டின் வளவில், நடு முற்றத்தில், ஓர் அண்டாவை வைத்து மழை அளக்கலாமே என்று தோன்றும். நான்கு பக்கமும் உள்ள தாழ்வாரக் கூரைகளின் நீர் முற்றத்தை நோக்கியே இறங்கும்படி அந்த வீடுகள் கட்டப்பட்டிருப்பதால், அண்டாவில் சேர்வது மழையின் அளவு அல்ல. கூரையின் அளவையும் சேர்த்துப் பெருக்கிய ஒன்று. மழைமானியைத் திறந்த வெளியில், பக்கத்தில் உள்ள சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப் போல் இரண்டு மடங்குக்குக் குறையாத தொலைவில், வாய் தரையிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி வைக்க வேண்டும். மொட்டைமாடியில் வைத்தால் காற்று சாரலை அடித்துக்கொண்டு போவதால் அளவு குறைந்து காட்டும்.

ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு மழைமானியில் சேர்ந்த நீரை அளந்து எழுதுவது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நடைமுறை. முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்த மழை முழுவதும், அளக்கப்பட்ட அன்றைய தேதியிலேயே எழுதப்படும். இப்படி எழுதிய நாள் எண்களைக் கூட்டினால் மாத மொத்தம். பன்னிரண்டு மாத மொத்தங்களைக் கூட்டினால் ஆண்டு மொத்தம். அட்டவணையின் அடித்தளம் இவ்வளவுதான்.

ஒரு மாதிரி அட்டவணை

கீழே ஐந்து ஆண்டுகளுக்கான அட்டவணை ஒன்றைத் தருகிறேன். இதில் உள்ள எண்கள் கணக்கைச் செய்து காட்டுவதற்காக நானே எழுதிக்கொண்டவை. காரைக்குடியின் பதிவோ வேறு எந்த ஊரின் பதிவோ அல்ல. அதனால்தான் ஆண்டுகளுக்கு உண்மையான எண் தராமல் ஒன்று முதல் ஐந்து வரை வரிசை எண் கொடுத்திருக்கிறேன். ஆனால் எண்களின் போக்கு இப்பகுதியின் மழைக்குப் பொருந்தும்படி அமைக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிக ஈரமான மாதம் தடித்த எழுத்தில் உள்ளது. மஞ்சள் நிறம் இருக்கும் இடம் அது என்று கொள்க. எண்கள் யாவும் மில்லிமீட்டரில்.

| மாதம் | ஆண்டு 1 | ஆண்டு 2 | ஆண்டு 3 | ஆண்டு 4 | ஆண்டு 5 | சராசரி |
|---|---|---|---|---|---|---|
| ஜனவரி | 4 | 0 | 0 | 96 | 10 | 22 |
| பிப்ரவரி | 0 | 12 | 0 | 8 | 0 | 4 |
| மார்ச் | 0 | 25 | 10 | 0 | 15 | 10 |
| ஏப்ரல் | 38 | 60 | 12 | 45 | 70 | 45 |
| மே | 72 | 40 | 55 | 88 | 45 | 60 |
| ஜூன் | 30 | 52 | 18 | 40 | 35 | 35 |
| ஜூலை | 46 | 70 | 24 | 85 | 50 | 55 |
| ஆகஸ்ட் | 110 | 84 | 62 | 128 | 91 | 95 |
| செப்டம்பர் | 95 | 140 | 58 | 102 | **205** | 120 |
| அக்டோபர் | **210** | **188** | **74** | 176 | 152 | 160 |
| நவம்பர் | 165 | 120 | 46 | **378** | 141 | **170** |
| டிசம்பர் | 70 | 44 | 20 | 111 | 55 | 60 |
| மொத்தம் | 840 | 835 | 379 | 1257 | 869 | 836 |

அட்டவணையை மேலிருந்து கீழாகப் படித்தால் ஓர் ஆண்டு எப்படிப் போயிற்று என்பது தெரியும். இடமிருந்து வலமாகப் படித்தால் ஒரு மாதம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறியது என்பது தெரியும். மேலிருந்து கீழே வரும்போது, சித்திரையையும் வைகாசியையும் ஒட்டிய கோடை மழை ஒரு சிறிய மேடாகவும், ஜூனில் ஒரு பள்ளமாகவும், ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை பெரிய மேடாகவும் எண்கள் ஏறி இறங்குவதைக் காணலாம். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்வதால் ஜூன், ஜூலையில் இங்கு மழை குறைவு. ஆகஸ்ட், செப்டம்பரில் பகல் வெப்பத்தால் எழும் மேகங்கள் மாலையில் இடியுடன் கொட்டுவது ஒரு வகை மழை; அக்டோபர் நடுவிலிருந்து வங்கக் கடலிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவது வேறொரு வகை மழை. இரண்டும் அடுத்தடுத்து வருவதால்தான் மஞ்சள் கட்டம் மூன்று மாதங்களுக்கு இடையே ஊசலாடுகிறது.

ஆண்டுச் சராசரி என்பது எது?

கடைசி நெடுவரிசையின் அடியில் உள்ள 836 என்ற எண்ணே இந்த ஊரின் ஆண்டுச் சராசரி மழை. ஐந்து ஆண்டு மொத்தங்களையும் கூட்டினால் 4180. அதை ஐந்தால் வகுத்தால் 836. அதே எண்ணை வேறு வழியிலும் பெறலாம்: பன்னிரண்டு மாதச் சராசரிகளையும் மேலிருந்து கீழாகக் கூட்டினாலும் 836 வர வேண்டும். இரண்டு வழியிலும் வரும் விடை ஒன்றாக இல்லாவிட்டால் எங்கோ ஓர் எண் தவறாக ஏறியிருக்கிறது அல்லது எங்கோ ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அட்டவணை கைக்கு வந்தவுடன் நான் முதலில் செய்வது இந்தச் சோதனையைத்தான்.

இந்த 836-ஐப் பன்னிரண்டால் வகுத்து, "மாதச் சராசரி ஏறத்தாழ 70 மி.மீ." என்று எழுதுகிறவர்கள் உண்டு. கணக்கில் அது தவறில்லை; ஆனால் அந்த எண்ணுக்குப் பொருளும் இல்லை. பிப்ரவரியில் 4 மி.மீ., நவம்பரில் 170 மி.மீ. பெய்யும் ஊரில், 70 மி.மீ. என்பது எந்த மாதத்தின் இயல்பையும் சொல்லவில்லை. அட்டவணையில் "சராசரி" என்று மட்டும் எழுதி எண்ணைப் போட்டிருந்தால், அது ஆண்டு மொத்தங்களின் சராசரியா, மாதங்களின் சராசரியா என்பதை எண்ணின் அளவைப் பார்த்தே ஊகிக்க வேண்டிய நிலை வாசகருக்கு வந்துவிடும்.

மஞ்சள் கட்டம் எப்படி ஏமாற்றுகிறது

இப்போது கடைசி நெடுவரிசையைப் பாருங்கள். சராசரியில் நவம்பர் 170, அக்டோபர் 160. ஆகவே இந்த ஊரின் மிக ஈரமான மாதம் நவம்பர் என்று அட்டவணை நிறமிட்டுக் காட்டுகிறது. ஆனால் தனித்தனி ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால், அக்டோபர் மூன்று ஆண்டுகளில் முதலிடத்தில் இருக்கிறது. செப்டம்பர் ஓர் ஆண்டில். நவம்பரும் ஒரே ஓர் ஆண்டில்தான். ஐந்து ஆண்டுகளில் நான்கில் முதலிடம் பெறாத மாதம் சராசரியில் முதலிடம் பெற்றுவிட்டது.

இதற்குக் காரணம் நான்காம் ஆண்டின் 378 என்ற ஒற்றை எண். அந்த ஓர் ஆண்டை விலக்கிவிட்டு மீதி நான்கு ஆண்டுகளுக்குச் சராசரி எடுத்தால் அக்டோபர் 156, நவம்பர் 118 என்று வருகிறது; நவம்பர் வெகுவாகப் பின்தங்கிவிடுகிறது. ஒரு பெரிய எண் சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிடும் என்பது பொதுவான கணக்குதான். மழைக் கணக்கில் இது அடிக்கடி நேர்வதற்குக் காரணம், வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்களும் புயல்களும் ஒரு மாத மழையை இரண்டு மூன்று நாட்களில் கொட்டிவிடக் கூடியவை என்பதே. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, புதுக்கோட்டை வழியாக உள்நாட்டுக்குள் நகர்ந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு நாள் எந்த மாதத்தில் விழுகிறதோ அந்த மாதத்தின் எண் வீங்கிவிடும்.

இதைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. சராசரிக்குப் பக்கத்திலேயே நடு எண்ணையும் எழுதிக்கொள்ள வேண்டும். புள்ளியியலில் இதை இடைநிலை அளவு என்பார்கள். நவம்பரின் ஐந்து எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் 46, 120, 141, 165, 378 என்று வருகிறது. நடுவில் இருப்பது 141. அக்டோபரை அடுக்கினால் 74, 152, 176, 188, 210. நடுவில் இருப்பது 176. 378 என்பது 700 ஆக இருந்திருந்தாலும் நவம்பரின் நடு எண் 141-ஆகவே இருந்திருக்கும். சராசரி நவம்பரைக் காட்டி, நடு எண் அக்டோபரைக் காட்டினால், இடையில் ஒரு புயலோ பெருமழையோ புகுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டும் ஒரே மாதத்தைக் காட்டினால் மஞ்சள் நிறத்தை அதிகத் தயக்கமின்றி நம்பலாம்.

இன்னும் ஒரு துணை வேண்டுமானால், மழை நாட்களின் எண்ணிக்கையை மாத மொத்தத்துக்கு அருகில் எழுதலாம். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பதிவான நாளையே வானிலைத் துறை மழை நாள் என்று கணக்கிடுகிறது. 378 மி.மீ. பதினெட்டு நாட்களில் பெய்திருந்தால் நிலத்தடிக்குள் இறங்கவும் கண்மாய் மெல்ல நிரம்பவும் நேரம் கிடைத்திருக்கும். ஐந்து நாட்களில் பெய்திருந்தால் செம்புறைக்கல் பூமியில் பெரும்பகுதி ஓடியிருக்கும், ஊருணி ஒரே இரவில் நிரம்பி மறுகால் பாய்ந்திருக்கும். மாத மொத்தம் என்ற ஒற்றை எண்ணில் இவ்விரண்டும் ஒன்றாகவே தெரியும்.

ஐப்பசி எங்கே போயிற்று?

"ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்பது தமிழ்நாடு முழுவதும் வழங்கும் சொல். ஐப்பசி மாதம் அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பர் நடுவில் முடிகிறது. ஆங்கில மாதப்படி வரையப்பட்ட அட்டவணை ஐப்பசியை நடுவில் வெட்டி, பாதியை அக்டோபரிலும் பாதியை நவம்பரிலும் போட்டுவிடுகிறது. ஆகவே ஊர்ப் பெரியவர் ஐப்பசி என்று சொல்வதும், அட்டவணை ஓர் ஆண்டு அக்டோபரையும் மறு ஆண்டு நவம்பரையும் காட்டுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. மிக அதிகம் மழை பெய்த முப்பது நாட்கள் எப்போதும் முதல் தேதியில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் மழைக்கு இல்லை. நாள்வாரிப் பதிவு கையில் இருந்தால், தமிழ் மாதப்படி ஒரு தனி அட்டவணை போட்டுப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி; மாத மொத்தங்கள் மட்டும் இருந்தால் அது இயலாது.

மாத எல்லை இன்னொரு வகையிலும் குழப்பும். காலை 8.30 மணி விதியின்படி, செப்டம்பர் 30-ஆம் தேதி இரவு பெய்யும் மழை அக்டோபர் 1-ஆம் தேதியில்தான் பதிவாகும். வீட்டில் மழை அளக்கும் பலர், மழை பெய்த நாளிலேயே எழுதிவிடுவார்கள். அது இயல்பான எண்ணம்தான். ஆனால் நம் மாதிரி அட்டவணையின் ஐந்தாம் ஆண்டில் அந்த இரவு 55 மி.மீ. பெய்தது என்றும், அது செப்டம்பரில் எழுதப்பட்டது என்றும் வைத்துக்கொள்வோம். விதிப்படி அதை அக்டோபருக்கு மாற்றினால் செப்டம்பர் 205-லிருந்து 150-ஆகக் குறையும்; அக்டோபர் 152-லிருந்து 207-ஆக உயரும். மஞ்சள் நிறம் செப்டம்பரை விட்டு அக்டோபருக்குப் போய்விடும். செட்டிநாட்டில் இடிமழை பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் வருவதால், இந்தத் தேதிப் பிழை மாதக் கடைசியில் மீண்டும் மீண்டும் நேரக்கூடியது. இரண்டு ஊர்களின் அட்டவணைகளை ஒப்பிடும்போது, இரண்டும் ஒரே விதிப்படி எழுதப்பட்டவையா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஆண்டுகளை ஒப்பிடுவது

ஆண்டுகளை ஒப்பிடும்போது மில்லிமீட்டரைவிட விழுக்காடு எளிது. ஓர் ஆண்டின் மொத்தத்திலிருந்து சராசரியைக் கழித்து, அதைச் சராசரியால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டுக்கு 379-இலிருந்து 836-ஐக் கழித்தால் 457 குறைவு. விழுக்காட்டில் ஏறத்தாழ 55 குறைவு. நான்காம் ஆண்டு ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதல். முதல், இரண்டாம், ஐந்தாம் ஆண்டுகள் சராசரிக்கு மிக அருகில் நிற்கின்றன. வானிலைத் துறை பருவ மழையை வகைப்படுத்தும்போது, இயல்பிலிருந்து 19 விழுக்காடு வரை கூடினாலும் குறைந்தாலும் அதை இயல்பான மழை என்றே கொள்கிறது. 20 முதல் 59 விழுக்காடு வரை குறைந்தால் பற்றாக்குறை. 60-ஐத் தொட்டுவிட்டால் பெரும் பற்றாக்குறை.

இங்கேதான் ஆண்டு மொத்தம் ஒன்றை மறைக்கிறது. மூன்றாம் ஆண்டின் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றையும் கூட்டினால் 140. அம்மூன்று மாதங்களின் சராசரிக் கூட்டு 390. ஆகவே வடகிழக்குப் பருவத்தில் மட்டும் குறைவு 64 விழுக்காடு. ஆண்டு முழுவதற்கும் பார்த்தால் "பற்றாக்குறை" என்ற வகையில் விழுவது, பருவத்துக்குப் பார்த்தால் "பெரும் பற்றாக்குறை" ஆகிவிடுகிறது. கண்மாய்ப் பாசனத்தை நம்பிய நெல்லுக்கு ஆண்டு எண்ணைவிடப் பருவ எண்ணே நெருக்கமானது. 2016-ஆம் ஆண்டு தமிழ்நாடு முழுவதும் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததை நினைத்துக்கொண்டால், அந்த 64 என்ற எண் எத்தகைய ஆண்டைக் குறிக்கிறது என்பது விளங்கும்.

ஆண்டு எங்கே தொடங்குகிறது என்பதும் ஒப்பீட்டை மாற்றும். நான்காம் ஆண்டு ஜனவரியில் 96 மி.மீ. இருக்கிறது. தை மாதத்தில் கதிர் முற்றி நிற்கும்போது பெய்யும் மழை அது. 2021 ஜனவரியில் இயல்பைவிடப் பல மடங்கு மழை பெய்து, அறுவடைக்கு நின்ற பயிர்கள் நீரில் சாய்ந்ததை உழவர்கள் அறிவார்கள். அந்த மழை முந்தைய ஆண்டு விதைத்த பயிரின் கதையைச் சேர்ந்தது. ஆனால் அட்டவணை அதைப் புத்தாண்டுக் கணக்கில் வரவு வைக்கிறது. வருவாய்த் துறையின் பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. அந்தக் கணக்கில் மூன்றாம் ஆண்டு ஜூலை முதல் டிசம்பர் வரை 284, நான்காம் ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை 277. மொத்தம் 561 மி.மீ. ஆங்கில ஆண்டுக் கணக்கில் 379 என்று வறண்டு தெரிந்த காலம், பசலிக் கணக்கில் அவ்வளவு வறண்டதாகத் தெரியவில்லை. பருவமழை எந்த இடத்தில் முடிகிறதோ அதற்குப் பின் ஆண்டைத் தொடங்குவதே இப்பகுதிக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் பிற ஊர்ப் பதிவுகளோடு ஒப்பிட வேண்டுமானால் ஆங்கில ஆண்டை விட்டுவிட முடியாது.

கணினியில் போடும்போது

விரிதாளில் முதல் வரிசையில் தலைப்புகள், `A` நெடுவரிசையில் மாதங்கள், `B` முதல் `F` வரை ஆண்டுகள், `G`-இல் சராசரி, பதினான்காம் வரிசையில் மொத்தம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டு மொத்தத்துக்கும் மாதச் சராசரிக்கும் நடு எண்ணுக்கும் பின்வரும் சூத்திரங்கள் போதும்.

```
=SUM(B2:B13)
=AVERAGE(B2:F2)
=MEDIAN(B2:F2)
```

மஞ்சள் நிறத்தைக் கையால் போடாமல், நிபந்தனை வடிவமைப்பில் கீழுள்ள சூத்திரத்தைக் கொடுத்து, `B2:G13` என்ற பரப்புக்குப் பொருத்தலாம்.

```
=B2=MAX(B$2:B$13)
```

இதில் 13 என்பதற்குப் பதிலாக 14 என்று எழுதிவிட்டால் மொத்த வரிசையும் போட்டியில் சேர்ந்துகொள்ளும்; மொத்தமே எப்போதும் பெரிய எண் என்பதால் எந்த மாதமும் நிறம் பெறாது. அச்சில் வந்த ஓர் அட்டவணையில் மொத்த வரிசை முழுவதும் மஞ்சளாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய ஆபத்து காலிக் கட்டத்தில் இருக்கிறது. மழை பெய்யாத மாதத்துக்கு 0 என்று எழுத வேண்டும். அளக்கப்படாத மாதத்தைக் காலியாக விட வேண்டும். ஐந்தாம் ஆண்டு அக்டோபரில் மழைமானி உடைந்து பதிவே இல்லை என்று கொள்வோம். அங்கே 0 போட்டால் அக்டோபரின் சராசரி 160-லிருந்து ஏறத்தாழ 130-ஆக விழும். காலியாக விட்டால் `AVERAGE` அந்தக் கட்டத்தைத் தவிர்த்து நான்கால் வகுத்து 162 என்று காட்டும். இது உண்மைக்கு நெருக்கமானது. ஆனால் காலியாக விட்டாலும் ஆண்டு மொத்தம் 869-க்குப் பதில் 717 என்றே வரும். ஆகவே அந்த ஆண்டின் மொத்தத்தை எழுதாமல், "முழுமையற்றது" என்று குறித்து, ஒப்பீட்டிலிருந்து விலக்க வேண்டும். பக்கத்து ஊரின் எண்ணை எடுத்து நிரப்பிவிடலாம் என்ற எண்ணம் வரும். இடிமழைக் காலத்தில் காரைக்குடியில் கொட்டும்போது தேவகோட்டையில் தூறல்கூட இல்லாமல் இருப்பது உண்டு என்பதால், அப்படி நிரப்பினால் குறைந்தபட்சம் எழுத்தின் நிறத்தையாவது மாற்றிக் காட்ட வேண்டும்.

கடைசியாக, ஐந்து ஆண்டு என்ற கால அளவைப் பற்றி. வானிலைத் துறை மழையின் இயல்பு அளவைக் கணக்கிட இப்போது எடுத்துக்கொள்ளும் காலம் 1971 முதல் 2020 வரையிலான ஐம்பது ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளுக்குள் ஒரு 378 வந்தாலும் அது சராசரியைச் சில மில்லிமீட்டர் மட்டுமே அசைக்கும். ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டுக்கும் சராசரியில் ஐந்தில் ஒரு பங்கு உண்டு. நம் அட்டவணையில் ஆறாம் ஆண்டு ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். அந்த ஆண்டு அக்டோபரில் 170 மி.மீ., நவம்பரில் 90 மி.மீ. பெய்தது என்று வைத்துக்கொள்வோம். இப்பகுதிக்கு இவை எவ்வகையிலும் வியப்பான எண்கள் அல்ல. அக்டோபரின் ஆறாண்டுக் கூட்டு 970, சராசரி ஏறத்தாழ 162. நவம்பரின் கூட்டு 940, சராசரி ஏறத்தாழ 157. சராசரி நெடுவரிசையில் நவம்பரில் இருந்த மஞ்சள் நிறம் ஒரு கட்டம் மேலேறி அக்டோபரில் போய் உட்கார்ந்துவிடும்.